பெங்களூரில் பழைய கார் வாங்குகிறீர்களா? இன்சூரன்ஸில் எது வண்டியோடு வரும், எது வராது

போன அக்டோபரில் என் மாமா பையன் செந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மடிவாளாவில் ஒரு புரோக்கரிடம் கார் பார்த்திருக்கிறான். 1,200 சிசி பெட்ரோல் வண்டி, இரண்டு வருடம் ஐந்து மாதம் ஓடியது, விலை 5,20,000.

"இன்சூரன்ஸ் அடுத்த மே மாசம் வரைக்கும் இருக்காம் அண்ணா. ரெண்டு வருஷமா கிளெய்மே இல்லையாம், போனஸும் சேர்ந்து வருமாம். அதனால அந்தச் செலவு இப்போதைக்கு இல்லை."

அந்த மூன்று வாக்கியத்தில் ஒன்று பாதி உண்மை, ஒன்று பொய், ஒன்று ஆபத்து. புரோக்கர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவரைப் போலவே நினைக்கிறவர்கள்தான் அதிகம். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்துத்தான் கைக்காசு இழந்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்: பாலிசியில் இரண்டு தேதி பாருங்கள்

வண்டி இன்சூரன்ஸ் பார்ப்பதற்கு ஒரே காகிதம், உள்ளே இரண்டு தனித்தனி ஒப்பந்தம். தேர்டு பார்ட்டி என்பது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் கேடுக்கானது. மோதி ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ, தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டைக் கம்பெனி கொடுக்கும், அதற்கு உச்ச வரம்பு கிடையாது. அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால் காருக்கு 7,50,000 ரூபாய் வரை. இது இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம். பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000, சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. ஆனால் இதிலிருந்து உங்கள் சொந்த வண்டியின் ஒரு இண்டிகேட்டருக்குக்கூடக் காசு வராது. திருட்டு, தீ, வெள்ளம் எதுவும் இதில் சேராது.

இன்னொரு பாதி ஓன் டேமேஜ், சுருக்கமாக ஓ.டி. உங்கள் வண்டிக்கு வரும் சேதம், திருட்டு, வெள்ளம் எல்லாம் இதில்தான். இரண்டும் சேர்ந்ததைத்தான் காம்ப்ரிஹென்சிவ் என்கிறார்கள். ஊரில் நாம் "ஃபுல் இன்சூரன்ஸ்" என்போம். அந்தப் பேரை நம்பி எல்லாமே அடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிக்கல் வருவது இங்கேதான். 2018 செப்டம்பரிலிருந்து புது கார் வாங்கினால் தேர்டு பார்ட்டியை ஒரேயடியாக மூன்று வருடத்துக்கும், டூவீலருக்கு ஐந்து வருடத்துக்கும் எடுக்க வேண்டும். ஆனால் ஓ.டி. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். ஆகவே மூன்று வயதுக்குட்பட்ட காருக்கு இரண்டு முடிவு தேதி இருக்கும். போலீஸ் கேட்டால் காட்டும் செயலியில் ஒரே ஒரு தேதிதான் தெரியும். அது எந்தப் பாதியின் தேதி என்று அது சொல்லாது.

செந்திலிடம், பாலிசியின் பிடிஎஃப் முழுசையும் வாங்கி அனுப்பு, செயலியின் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம் என்றேன். மத்தியானம் வந்தது. தேர்டு பார்ட்டி அடுத்த மே வரை, சரி. ஓ.டி. முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. முந்தைய ஓனர் முதல் வருடம் புதுப்பித்திருக்கிறார், இரண்டாவது வருடம் விட்டுவிட்டார். அதாவது புரோக்கர் சொன்ன "இன்சூரன்ஸ் இருக்கு" என்பது போலீஸுக்கு இருக்கிறது, வண்டிக்கு இல்லை. அன்றைக்கு டெஸ்ட் டிரைவில் சில்க் போர்டு சிக்னலில் பின்னால் வந்த டெம்போ இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தால், ரிப்பேர் செலவு முழுதும் சொந்தக் காசுதான்.

என்.சி.பி. வண்டியுடையது அல்ல, ஆளுடையது

நோ கிளெய்ம் போனஸ் என்பது ஒரு வருடம் முழுதும் கிளெய்ம் போடாதவருக்கு அடுத்த பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. முதல் வருடத்துக்கு 20 விழுக்காடு, அப்புறம் வரிசையாக 25, 35, 45, கடைசியில் 50. அதற்கு மேல் ஏறாது. ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கும். இது ஓ.டி. பிரீமியத்துக்கு மட்டும்தான். தேர்டு பார்ட்டி கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, அதில் போனஸுக்கு வேலை இல்லை. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி காருக்கு வருடம் 3,416 ரூபாய், ஒழுங்காக ஓட்டுகிறவருக்கும் அதேதான், ஒழுங்கில்லாதவருக்கும் அதேதான்.

போனஸ் சேர்வது ஓனர் பேரில். வண்டியை விற்றாலும் அவர் அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகலாம். கம்பெனியிடம் என்.சி.பி. கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் இன்னொரு காரில் பயன்படுத்தலாம். வாங்குகிறவருக்கு அதில் ஒரு பைசா உரிமை கிடையாது. நம் கதையில் ஓ.டி. முடிந்து ஐந்து மாதமாகிவிட்டது. முடிந்த 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த போனஸ் போய்விடும். எனவே புரோக்கர் சொன்ன அந்தத் தள்ளுபடி பழைய ஓனருக்கும் இல்லை, செந்திலுக்கும் இல்லை.

"என் பைக்ல அஞ்சு வருஷமா கிளெய்ம் இல்லையே அண்ணா, அதை மாத்திக்க முடியாதா?" என்றான். நல்ல கேள்விதான். முடியாது. கார் போனஸ் காருக்கு, டூவீலர் போனஸ் டூவீலருக்கு.

இனி அந்த ஆபத்து. ஆன்லைனில் விலை பார்க்கும்போது "போன வருடம் கிளெய்ம் உண்டா?" என்று ஒரு கேள்வி வரும். "இல்லை" என்று தட்டினால் 25 விழுக்காடு தானாக விழும். செந்திலின் வண்டிக்கு ஓ.டி. பிரீமியம் 8,000 ரூபாய் காட்டியது. 25 விழுக்காடு கழித்தால் 6,000. ஜிஎஸ்டி 18 விழுக்காடும் சேர்த்தால் 9,440-க்கும் 7,080-க்கும் உள்ள வித்தியாசம் 2,360 ரூபாய். வண்டி கிளெய்ம் போடவில்லை என்பது உண்மைதானே, தட்டினால் என்ன என்று தோன்றும். கேட்கப்படுவது உங்களைப் பற்றி, வண்டியைப் பற்றி அல்ல. பாலிசி எடுக்கும்போது யாரும் சரிபார்க்காமல் இருக்கலாம். பெரிய பில்லோடு கிளெய்ம் போகும்போது பழைய கம்பெனியிடம் கேட்பார்கள். பொய்யான போனஸ் என்று தெரிந்தால் ஓ.டி. கிளெய்மை நிராகரிக்கலாம். 2,360 ரூபாய்க்காக அஞ்சு லட்ச ரூபாய் வண்டியைப் பந்தயம் வைக்க வேண்டாம்.

ஐ.டி.வி.: கீழே இழுக்காதீர்கள்

இன்ஷ்யூர்டு டிக்ளேர்டு வேல்யூ என்பது வண்டி திருடுபோனாலோ மொத்தமாக நாசமானாலோ கம்பெனி தர ஒத்துக்கொள்ளும் தொகை. கணக்கு எளிது. அந்த மாடலின் இன்றைய எக்ஸ் ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழிப்பார்கள். முதல் ஆறு மாதம் 5 விழுக்காடு, ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது.

செந்தில் பார்த்த மாடலின் விலை 7,00,000. வயது இரண்டைத் தாண்டி மூன்றுக்குள். 30 விழுக்காடு போனால் 4,90,000. கொடுக்கப்போகும் விலை 5,20,000 ஆயிற்றே என்று அவனுக்கு உறுத்தல். ஐ.டி.வி.யில் பதிவுச் செலவும் சாலை வரியும் சேராது. கர்நாடகாவில் இந்த விலை வண்டிக்கு வாழ்நாள் வரியே ஏறக்குறைய ஒரு லட்சம் ஆகும். முதல் ஓனர் கட்டிய அந்தப் பணத்தின் ஒரு பங்கு செகண்ட் ஹேண்ட் விலையில் ஒளிந்திருக்கும், ஐ.டி.வி.யில் இருக்காது.

ஆன்லைனில் ஐ.டி.வி.யைக் கொஞ்சம் மேலேயும் கீழேயும் நகர்த்தலாம். கீழே இழுத்தால் பிரீமியம் குறையும், அதனால் "மலிவு" என்று காட்டும் பாலிசிகளில் ஐ.டி.வி.யும் அடிமட்டத்தில் இருக்கும். ஒன்றில் 3,60,000 போட்டிருந்தது. பிரீமியம் ரெண்டாயிரம் சொச்சம் குறைவு. சின்ன ரிப்பேர் பில்லில் ஐ.டி.வி. குறுக்கே வராது என்பதால் வருடக்கணக்கில் இதன் வலி தெரியாமலே போகலாம். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி மொத்த நஷ்டம் என்று முடிவாகிவிடும், அந்த இடத்தில்தான் தெரியும்.

2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடும் சர்ஜாப்பூர் ரோடு பக்கமும் மூழ்கியது நினைவிருக்கும். அப்படியொரு வெள்ளத்தில் இந்தக் கார் நின்று, ரிப்பேருக்கு மூன்று லட்சம் எஸ்டிமேட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐ.டி.வி. 4,90,000 என்றால் எல்லை 3,67,500. மூன்று லட்சம் அதற்குள் அடங்கும், வண்டியைச் சரிசெய்து தருவார்கள். ஐ.டி.வி. 3,60,000 என்றால் எல்லை 2,70,000. மூன்று லட்சம் அதைத் தாண்டிவிட்டது. வண்டி நாசம் என்று எழுதி, கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக 3,59,000 கையில் தந்து கணக்கை முடிப்பார்கள். அந்தப் பணத்துக்கு அதே வண்டி சந்தையில் கிடைக்காது.

வெள்ளம் என்ற பேச்சு வந்ததால் ஒன்று. தண்ணீரில் நின்றுபோன வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தண்ணீர் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு உடைந்தால், அது வெள்ளத்தால் வந்த சேதம் அல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்பார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இல்லாவிட்டால் அந்தச் செலவு உங்களுடையது. கீழ்த்தளத்தில் பார்க்கிங் உள்ளவர்களுக்கு இந்தக் கவர் தேவை. நாலாவது மாடிக்கு ராம்ப் ஏறி நிறுத்துகிறவர் விட்டுவிடலாம்.

வண்டி கைமாறிய நாளிலிருந்து 14 நாள்

பதினொரு வருடத்துக்கு முன் நான் வாங்கிய முதல் பழைய காருக்கு ஓ.டி. உயிரோடு இருந்தது, இன்னும் எட்டு மாதம். ஆர்.சி.யை என் பேருக்கு மாற்றினேன். பாலிசியை மாற்றவில்லை. "வண்டிக்குத்தானே இன்சூரன்ஸ்" என்று நினைத்தேன். ஆறாவது மாதம் அல்சூரில் எங்கள் அபார்ட்மெண்ட் தூணில் பின்பக்கம் இடித்தேன், டிக்கி கதவு உள்ளே போயிற்று. கிளெய்ம் போட்டபோது வந்த பதில் ஒரு பக்கம்தான்: பாலிசியில் உள்ளவருக்கு இந்த வண்டியில் இப்போது உரிமை இல்லை, வண்டியில் உரிமை உள்ள உங்களுக்கு எங்களிடம் பாலிசி இல்லை. கோபத்தோடு ஒரு வக்கீலிடம் போனேன். அவர் படித்துவிட்டு, "அவங்க சொல்றது சரிதான் சார்" என்றார்.

சட்டத்தின் 157-வது பிரிவு தேர்டு பார்ட்டியைத்தான் வாங்கியவர் பேருக்குத் தானாக மாற்றுகிறது. விபத்தில் அடிபட்டவர் நம் பேப்பர் வேலைக்காகத் தவிக்கக் கூடாது என்பதற்காக. ஓ.டி. இரண்டு பேருக்கிடையிலான ஒப்பந்தம், நீங்கள் கேட்டு, கம்பெனி ஒத்துக்கொண்டால்தான் உங்கள் பேருக்கு வரும். 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பும் அப்படியே. அது பாலிசியில் பேர் உள்ள ஓனருக்கு, அவர் லைசென்ஸ் வைத்திருந்தால் மட்டும்.

ஆகவே விற்பனை நாளிலிருந்து 14 நாளுக்குள் அந்தக் கம்பெனிக்கு எழுதுங்கள். பழைய ஓனரின் சம்மதம், இருவரும் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவம் 29, 30 நகல்கள், பழைய பாலிசி, உங்கள் அடையாளச் சான்று வேண்டும். புது ஆர்.சி. வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது வந்தபின் நகல் அனுப்பினால் போதும். வண்டியை இன்ஸ்பெக்‌ஷன் செய்ய ஆள் வரலாம். உயிரோடு உள்ள ஓ.டி.யை மாற்றினால் பழைய ஓனர் அனுபவித்த போனஸை மீதி மாதங்களுக்குக் கணக்கிட்டு உங்களிடம் வாங்குவார்கள். 2,000 ரூபாய் தள்ளுபடி, ஏழு மாதம் பாக்கி என்றால், ஜிஎஸ்டியோடு ஏறக்குறைய 1,400 ரூபாய். அதைக் கேட்டால் சண்டை போடாதீர்கள், நியாயமானதுதான்.

எல்லாம் முடிந்ததும் எண்டார்ஸ்மெண்ட் என்று ஒரு தாள் வரும். அதில் உங்கள் பேர், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் மூன்றையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை மாற்றம் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செந்திலுக்கு வேலை இரண்டாகப் பிரிந்தது. தேர்டு பார்ட்டியைத் தன் பேருக்கு மாற்ற எழுதினான். ஓ.டி. புதிதாக, தனியாக எடுத்தான். 2019 செப்டம்பரிலிருந்து ஓ.டி.யை மட்டும் தனியாக, வேறு கம்பெனியிலும் வாங்கலாம். ஐந்து மாத இடைவெளி இருந்ததால் வண்டியை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். வலது பின்கதவில் இருந்த ஒரு கீறலை முன்பே குறித்துக்கொண்டார்கள், அதற்கு இனி கிளெய்ம் கிடையாது. தனிநபர் விபத்துக் காப்பையும் அவன் பேரில் சேர்த்தான்.

பம்பர் உடைந்தால்: ஒரே பில், இரண்டு பதில்

டிசம்பரில் பொம்மனஹள்ளியில் முன்பம்பர் உடைந்தது. பம்பர் 5,000, பெயிண்ட் 3,000, கூலி 1,000, ஆக 9,000. கிளெய்ம் போடலாமா என்று கேட்டான்.

முதலில் எவ்வளவு வரும் என்று பாருங்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு வயது என்னவானாலும் பாதிதான் தருவார்கள். பம்பருக்கு 2,500. பெயிண்ட் பில்லில் கால்பங்கைப் பொருள் என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள், 2,625 வரும். கூலி முழுதாக 1,000. கூட்டினால் 6,125. கட்டாயக் கழிவு 1,000 போக, கையில் 5,125. (தேய்மானம் கழிக்காத "பம்பர் டு பம்பர்" கவர் இருந்தால் 8,000 வந்திருக்கும். அவன் எடுக்கவில்லை. மூன்று வயதுக்குட்பட்ட வண்டிக்கு எடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.)

இனி இழப்பு. ஓ.டி. பிரீமியம் வருடம் 7,000 என்று நிறுத்தி வைத்து, அடுத்த ஐந்து வருடம் வேறு கிளெய்ம் இல்லை என்று கொள்வோம். செந்தில் பூஜ்யத்தில் நிற்கிறான். கிளெய்ம் போடாவிட்டால் அவன் போனஸ் ஏணி 20, 25, 35, 45, 50. போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசம் எல்லாம் கூட்டினால் 50 விழுக்காடு, அதாவது 3,500 ரூபாய், ஜிஎஸ்டியோடு 4,130. வருவது 5,125. போடலாம், ஆயிரம் ரூபாய் லாபம், கொஞ்சம் அலைச்சல்.

அதே பில் எனக்கு வந்திருந்தால்? நான் 50-இல் நிற்கிறேன். போடாவிட்டால் ஐந்து வருடமும் 50. போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசம் 125 விழுக்காடு, 8,750 ரூபாய், ஜிஎஸ்டியோடு 10,325. ஐயாயிரத்துக்காகப் பத்தாயிரத்தை விடுவேனா? கைக்காசில் முடித்துவிடுவேன். ஒர்க்‌ஷாப்காரர் "சார், கிளெய்ம் போட்டுடலாம், நாங்களே பார்த்துக்கறோம்" என்பார். அவருக்கு பில் முக்கியம், உங்கள் ஏணி அவருக்குத் தெரியாது.

ஓ.டி.யே வேண்டாம் என்று சொல்லும் இடமும் உண்டு. பன்னிரண்டு வயது வண்டி, ஐ.டி.வி. 80,000, உலோகத்துக்கே பாதி தேய்மானம் கழிப்பார்கள், வாரம் ஒரு நாள் கம்மனஹள்ளி மார்க்கெட்டுக்குப் போய்வரத்தான் ஓடுகிறது என்றால், தேர்டு பார்ட்டியும் தனிநபர் விபத்துக் காப்பும் போதும் என்பேன்.

செந்தில் கிளெய்ம் போட்டான், பணம் வந்தது. போனில் இரண்டு நினைவூட்டல் வைத்திருக்கிறான்: தேர்டு பார்ட்டிக்கு மே முதல் வாரம், ஓ.டி.க்கு அக்டோபர் முதல் வாரம். மே மாதம் தேர்டு பார்ட்டியை ஒரு வருடத்துக்குத் தனியாகப் புதுப்பிப்பான். அதற்கடுத்த அக்டோபரில் இரண்டையும் ஒரே கம்பெனியில் சேர்க்கலாமா என்று பார்க்க வேண்டும். அப்போது போனஸ் கட்டத்தில் அவன் போட வேண்டியது பூஜ்யம்.